பொருத்துக பயிற்சித்தாளில் அப்ரிவியேஷன், அக்ரனிம், க்ளிப்டு வேர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலப் பாடத்துக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கிற ஆசிரியர்களும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பெற்றோரும் கேட்கிற கேள்விகள் இவை. தமிழ்நாட்டு மாணவர்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

லேப், இன்ஃபோ, எக்ஸாம் என்று பொருத்துக கொடுத்தால் வகுப்பே முழு மதிப்பெண் வாங்குகிறது. அதே சொற்களை விரித்து எழுதச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஏன்?

அந்தத் தாளில் விடை கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. இடப்பக்கம் 'லேப்', வலப்பக்கம் 'லேபரட்டரி'. முதல் மூன்று எழுத்து ஒன்றாக இருப்பதைப் பார்த்துக் கோடு போட்டுவிடலாம். சொல் தெரிய வேண்டும் என்ற அவசியமே இல்லை.

உங்கள் தாள் எதைச் சோதிக்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே அமைப்பில் அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் ட்ரோப், மெல்கோ, கிப். வலப்பக்கம் மெல்கோரேஷன், கிப்னாசியம், ட்ரோபிலேட்டரி. இவை நானே சும்மா கட்டிய சொற்கள். ஆனாலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூன்றையும் சரியாகப் பொருத்திவிடும். இல்லாத சொல்லையே சரியாகப் பொருத்த முடிகிறதென்றால், அந்த வடிவத்தில் லேபும் ஜிம்மும் கொடுத்து வாங்கிய முழு மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்?

சொல்லின் வால் வெட்டப்பட்டு தலை மிஞ்சும் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. மெமோ, போட்டோ, டெமோ, ஜிம், எக்ஸாம், இன்ஃபோ எல்லாமே இந்த வகைதான். பயிற்சித்தாள்களில் அதிகம் வருவதும் இவைதான் என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

சரி, பிறகு எப்படித்தான் அமைப்பது? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

ஒரு தாளை முழுதாகவே போட்டுப் பார்ப்போம். கேள்வி: 'கீழ்க்கண்ட சொற்கள் எந்தச் சொல்லிலிருந்து சுருங்கி வந்தன?'

இடப்பக்கம் ஆறு சொற்கள்: லேப், ஃப்ளூ, பஸ், வேன், ஃபேன், பைக்.

வலப்பக்கம் ஒன்பது சொற்கள்: பைசிக்கிள், பிசினஸ், கேரவன், ஃபெனாட்டிக், ஃப்ளூயிட், இன்ஃப்ளுயன்சா, லேபரட்டரி, மோட்டார்சைக்கிள், ஆம்னிபஸ்.

லேபரட்டரியை மட்டும் சுலபமாக விட்டிருக்கிறேன். முதல் வரியிலேயே பிள்ளை தயங்கி உட்கார்ந்துவிடக் கூடாது. ஃப்ளூ, பஸ் போன்றவற்றில் எழுத்தை மட்டும் பார்த்துப் போனால் அடி விழும். ஃப்ளூ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்குவது ஃப்ளூயிட், அதாவது திரவம். சரியான விடை இன்ஃப்ளுயன்சா. அதில் தலையும் போய், வாலும் போய், நடுத்துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பஸ்ஸுக்கும் இதே கதைதான். பி, யூ, எஸ் என்ற மூன்று எழுத்தில் தொடங்குவது பிசினஸ். ஆனால் பஸ் வந்தது ஆம்னிபஸ்ஸின் வாலிலிருந்து. 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. பிள்ளைகளுக்கு 'ஆம்னி பஸ்' என்ற பேச்சு ஏற்கெனவே தெரியும் என்பதால், இதைச் சொன்னதும் மறக்க மாட்டார்கள். வேன் வந்தது கேரவனிலிருந்து. சினிமா படப்பிடிப்பில் நடிகர்கள் தங்கும் வண்டி என்று அந்தச் சொல்லும் அவர்களுக்குப் பழக்கம்தான்.

வலப்பக்கம் ஏன் மூன்று சொல் அதிகம் என்றால், இரண்டு பக்கமும் ஆறு ஆறு இருந்தால் ஐந்து தெரிந்தவருக்கு ஆறாவது இலவசம். இன்னொரு அநியாயமும் நடக்கும். ஒன்றைத் தவறாகப் பொருத்தியவர், அந்த விடைக்கு உரிய இன்னொரு சொல்லையும் சேர்த்து இழப்பார். ஒரு தவறுக்கு இரண்டு மதிப்பெண் போய்விடும். கூடுதல் சொற்கள் இருந்தால் இரண்டுமே பெருமளவு குறையும்.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். வலப்பக்கச் சொற்களை ஆங்கில அகர வரிசையில் அடுக்குங்கள். நாமே கலைத்துப் போட்டால் நமக்கே தெரியாமல் ஏதோ ஒரு ஒழுங்கு வந்துவிடும், அதைப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். ஒரு தாளில் ஆறு முதல் எட்டு இணை போதும். இரண்டு பத்தியும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்தத் தாளைத் திருத்தும்போது மதிப்பெண் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?

எது தவறு என்பதைவிட எந்தத் தவறு என்பது முக்கியம். ஃப்ளூவுக்கு ஃப்ளூயிட், பஸ்ஸுக்கு பிசினஸ் என்று போட்டிருந்தால், அந்தப் பிள்ளை எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவே இல்லை. சொல்லியிருந்தால் பஸ் என்ற ஒலி பிசினஸில் இல்லை என்று காதே காட்டிக் கொடுத்திருக்கும். அந்தப் பிள்ளையைச் சத்தமாகப் படிக்க வையுங்கள்.

பைக்குக்கு மோட்டார்சைக்கிள் என்று போட்டால் அது வேறு ரகம். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் வண்டிதான், மிதிவண்டிக்கு 'சைக்கிள்' என்பார்கள். ஆகவே பிள்ளைக்கு அர்த்தம் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் மோட்டார் வண்டியை பைக் என்பது உண்டு. சொல் பிறந்தது பைசிக்கிளிலிருந்து, அது ஒன்றுதான் தெரியவில்லை. இங்கே அடித்துக் கோடு போடுவதைவிட ஒரு வரி எழுதி வைத்தால் நல்லது. இதனால்தான் 'எந்தச் சொல்லிலிருந்து சுருங்கியது' என்று கேள்வியைத் தெளிவாக எழுதச் சொன்னேன். 'பொருத்துக' என்று மட்டும் போட்டுவிட்டு மோட்டார்சைக்கிளைத் தவறு என்பது நியாயமில்லை.

ஃபேனை யாரும் பொருத்தாமல் விட்டிருந்தால், அவர்கள் மனதில் இருப்பது கூரையில் சுற்றும் ஃபேன். அது தனிச்சொல், எதிலிருந்தும் வெட்டப்பட்டதல்ல. ஃபெனாட்டிக்கிலிருந்து வந்தது நடிகரின் ரசிகரைக் குறிக்கும் ஃபேன். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, சொல் இரண்டு. சின்ன வகுப்புக்கு இது கனம் என்று தோன்றினால் ஃபேனை எடுத்துவிட்டு ப்ளேன் – ஏரோப்ளேன் வையுங்கள்.

பொருத்தியாகிவிட்டது. இன்னொரு படி தேவையா?

தேவை. பொருத்துவது அடையாளம் காண்பது மட்டும்தான், எழுதுவது வேறு திறமை. தாளைத் திருப்பி வைத்துவிட்டு, ஆறு முழுச்சொற்களையும் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். ஸ்பெல்லிங் மாறும் சொற்களை இந்தக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ரெஃப்ரிஜிரேட்டர் என்ற முழுச்சொல்லில் டி என்ற எழுத்து கிடையாது, ஃப்ரிட்ஜில் இருக்கிறது. பைசிக்கிளில் சி, பைக்கில் கே. மைக்ரோஃபோனைச் சுருக்கி மைக் என்று எழுதும்போதும் பழைய வழக்கத்தில் கே வரும். வெட்டிய பிறகு, படிக்கும்போது அதே ஒலி வர வேண்டும் என்பதற்காக எழுத்தை மாற்றியிருக்கிறார்கள். காரணத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அப்ரிவியேஷன், அக்ரனிம், க்ளிப்டு வேர்ட்: மூன்றும் குழம்புகிறது. வரையறை படித்தாலும் பரீட்சையில் மாறிப்போகிறது.

வரையறையை விடுங்கள், வாயால் படித்துப் பாருங்கள். நான்கு விதமாகத்தான் படிக்க முடியும்.

சுருக்கி எழுதியிருக்கிறது, ஆனால் படிக்கும்போது முழுச்சொல்லாகப் படிக்கிறோம் என்றால் அது வெறும் எழுத்துச் சுருக்கம். பெயருக்கு முன்னால் டி, ஆர் என்று இரண்டு எழுத்து இருந்தாலும் 'டாக்டர்' என்றுதான் படிக்கிறோம். கவர்ன்மெண்ட், டிபார்ட்மெண்ட் ஆகியவற்றை நான்கைந்து எழுத்தில் சுருக்கி எழுதுவதும் இப்படித்தான். யாரும் அந்த எழுத்துகளை அப்படியே உச்சரிப்பதில்லை.

எழுத்து எழுத்தாகப் படித்தால் அது இனிஷியலிசம்: ஏடிஎம், டிஎன்பிஎஸ்சி, எல்ஐசி. பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் இதையும் மேலே சொன்னதையும் சேர்த்து அப்ரிவியேஷன் என்றே சொல்கின்றன. பரீட்சைக்கு அது போதும்.

முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாகவே படித்தால் அக்ரனிம்: நாசா, இஸ்ரோ, நீட், ஜிப்மர், எய்ம்ஸ். திருச்சிக்காரர்கள் 'பெல்' என்று சொல்கிற பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ் நிறுவனத்தை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகப் படிப்பவர்களும் உண்டு. ஆகவே எல்லை சில இடங்களில் ஊருக்கு ஊர் நகரும். அப்படிப்பட்டதைப் பயிற்சித்தாளில் வைக்காமல் இருப்பது நல்லது.

நான்காவது, ஒரே சொல்லின் ஒரு துண்டு மட்டும் மிஞ்சி, அந்தத் துண்டே தனிச்சொல்லாகப் பேச்சில் நடமாடினால் க்ளிப்டு வேர்ட்: லேப், இன்ஃபோ, ஃபோன், ஃப்ளூ.

மூன்றாவது நான்காவதுக்கு நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு: அக்ரனிமுக்குப் பின்னால் பெரும்பாலும் பல சொற்கள் இருக்கும், க்ளிப்டு வேர்டுக்குப் பின்னால் ஒரே சொல். லேசர் பார்ப்பதற்கு க்ளிப்டு வேர்ட் மாதிரி, சின்ன எழுத்திலேயே எழுதப்படுகிறது. ஆனால் அது லைட் ஆம்ப்ளிஃபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆஃப் ரேடியேஷன் என்பதன் அக்ரனிம். ரேடாரும் அப்படியே. இந்த இரண்டையும் க்ளிப்டு வேர்ட் பட்டியலில் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னால் நல்ல பயிற்சியாக இருக்கும்.

காதால் படிக்கிற இந்தப் பழக்கம் இலக்கணத்துக்கும் உதவுகிறது. என்சிசி, நாசா இரண்டும் ஆங்கிலத்தில் என் என்ற எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஆனால் என்சிசி கேடட்டுக்கு முன்னால் 'ஆன்', நாசா விஞ்ஞானிக்கு முன்னால் 'ஏ'. முன்னது 'எ' ஒலியில் தொடங்குகிறது, பின்னது 'ந' ஒலியில். வகை பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது தானாக வரும்.

புள்ளி வைக்கணுமா?

க்ளிப்டு வேர்டுக்கு வேண்டாம். லேப், இன்ஃபோ எல்லாம் முழுச்சொல் மாதிரி நடத்தப்படுகின்றன. எழுத்துச் சுருக்கத்தில் பிரிட்டிஷ் வழக்கமும் அமெரிக்க வழக்கமும் வேறு. சொல்லின் கடைசி எழுத்து சுருக்கத்திலும் இருந்தால், டாக்டர், மிஸ்டர் போல, பிரிட்டிஷ் வழக்கில் புள்ளி தேவையில்லை. புரொஃபசரைச் சுருக்கும்போது கடைசி எழுத்து போய்விடுவதால் புள்ளி உண்டு. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் வைப்பார்கள். உங்கள் பாடப்புத்தகம் எதைப் பின்பற்றுகிறதோ அதையே தாள் முழுவதும் பின்பற்றுங்கள்.

அக்ரனிம்களுக்கும் முதலெழுத்தைப் பார்த்தே பொருத்திவிடுகிறார்களே? ஓ, டி, பி என்று இருந்தால் அதே எழுத்தில் தொடங்கும் மூன்று சொல்லைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள்.

ஆமாம், விரிவாக்கத்தோடு பொருத்தச் சொன்னால் அப்படித்தான் நடக்கும். விரிவாக்கத்துக்குப் பதிலாகப் பொருளின் விவரத்தைக் கொடுங்கள். எனக்குப் பிடித்தது வங்கிப் படிவத்தில் வருகிற சொற்கள். வீட்டில் பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான்.

இந்த முறை நீளமான விவரம் இடப்பக்கம், சின்னச் சொல் வலப்பக்கம். நீண்ட வரியை ஒருமுறை படித்துவிட்டு, சின்னச் சொற்களின் மேல் கண்ணை ஓட்டினால் போதும்.

- பதினொரு இடங்கள் கொண்டது. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மிச்சம் ஆறும் கிளையைக் குறிக்கும்.
- பத்து இடங்கள் கொண்டது. ஐந்து எழுத்து, நான்கு எண், கடைசியில் ஒரு எழுத்து. வருமான வரித்துறை தருவது.
- ஒரே ஒரு முறை மட்டும் செல்லும் கடவுச்சொல், ஃபோனுக்கு வரும்.
- பணம் எடுக்கும் இயந்திரத்தில் கார்டைச் செருகியதும் கேட்கும் ரகசிய எண்.
- ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் எழுதும் ஆறு இலக்க எண், 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது.

வலப்பக்கம்: ஏடிஎம், ஐஎஃப்எஸ்சி, கேஒய்சி, ஓடிபி, பான், பின், யுபிஐ.

கடைசி இரண்டு விவரத்துக்கும் விடை ஒன்றுதான்: பின். கார்டில் அது பர்சனல் ஐடென்டிஃபிகேஷன் நம்பர். முகவரியில் போஸ்டல் இண்டெக்ஸ் நம்பர். ஒரு சொல் இரண்டு முறை வரலாம் என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள். பொருத்தி முடித்ததும் விரிவாக்கத்தைத் தனியே எழுதச் சொல்லலாம். 'பின் நம்பர்' என்று சொல்லும்போது நம்பர் இரண்டு முறை வருவதை அப்போது அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இதே வழியில் ஏசி என்ற இரண்டெழுத்தை எடுத்துக்கொள்ளலாம். இயற்பியல் பாடத்தில் ஆல்டர்னேட்டிங் கரண்ட், சுவரில் மாட்டியிருப்பது ஏர் கண்டிஷனர். 'ஏசியின் விரிவாக்கம் என்ன' என்று தனியாகக் கேட்டால் இரண்டுமே சரி. வாக்கியத்தில் வைத்துக் கேட்டால்தான் ஒரு விடை நிற்கும்.

பொது அறிவுத் தாள் ஒன்றில் கம்ப்யூட்டர், நியூஸ், வைஃபை எல்லாவற்றுக்கும் ஃபுல் ஃபார்ம் போட்டிருக்கிறார்கள். பயிற்சித்தாளில் சேர்க்கலாமா?

தயவுசெய்து சேர்க்காதீர்கள். நம் பிள்ளைகள் வருடக்கணக்காக மனப்பாடம் செய்கிற பொய்கள் இவை, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. கம்ப்யூட் என்றால் கணக்கிடு, கம்ப்யூட்டர் என்றால் கணக்கிடுவது. கணக்குப் போடும் மனிதர்களை அந்தச் சொல்லால் அழைத்த காலமும் இருந்தது. அதற்குக் 'காமன் ஆப்பரேட்டிங் மெஷின்' என்று தொடங்கும் விரிவாக்கத்தைப் பிற்பாடு யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள். நியூஸ் நான்கு திசைகளின் முதலெழுத்து இல்லை. 'நியூ' என்ற சொல்லிலிருந்து வந்தது, புதிய செய்திகள் என்ற பொருளில்.

எஸ்ஓஎஸ் என்பதற்கு 'சேவ் அவர் சோல்ஸ்' என்று போடுவார்கள். மோர்ஸ் தந்தியில் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று சுலபமாக அனுப்பவும் அடையாளம் காணவும் முடிகிறது என்பதற்காகவே அந்தக் குறி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1906-இல் பெர்லினில் நடந்த சர்வதேச வானொலித் தந்தி மாநாடு அதை ஏற்றது. வாசகம் பிறகு வந்தது. வைஃபை 1999-இல் ஒரு பிராண்டிங் நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த பெயர். 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்ற சொற்கள் அதன் விளம்பர வாசகத்தில் கொஞ்ச காலம் இருந்ததால் அதுவே விரிவாக்கம் என்று பரவிவிட்டது.

இனம்காண ஒரு வழி: அகராதியில் அந்தச் சொல்லின் தோற்றத்தைப் பாருங்கள். அக்ரனிமாக இருந்தால் அங்கே முழு விரிவாக்கமும் இருக்கும். லேசருக்கு இருக்கும், நியூஸுக்கு இருக்காது.

யுனிசெஃப்புக்கு ஒரு புத்தகத்தில் ஒரு விரிவாக்கம், இன்னொன்றில் வேறு. விடைக்குறிப்பில் எதைப் போடுவது?

1946-இல் தொடங்கியபோது யுனைட்டெட் நேஷன்ஸ் இண்டர்நேஷனல் சில்ட்ரன்ஸ் எமர்ஜென்சி ஃபண்ட். எழுத்துகள் அதிலிருந்து வந்தவை. 1953-இல் அது நிரந்தர அமைப்பானபோது பெயர் யுனைட்டெட் நேஷன்ஸ் சில்ட்ரன்ஸ் ஃபண்ட் என்று குறுகியது, பழகிய அக்ரனிமை மட்டும் மாற்றவில்லை. இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்து எண்ணிப் பார்த்து 'ஐயும் ஈயும் எங்கே' என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

ப்ரஞ்ச், ஸ்மாக் இதெல்லாம் க்ளிப்டு வேர்டா?

இல்லை, ப்ளெண்ட். இரண்டு சொல்லின் துண்டுகள் ஒன்றாக ஒட்டியவை: ப்ரேக்ஃபாஸ்டும் லஞ்சும், ஸ்மோக்கும் ஃபாகும். மேல்நிலை வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதால் குழப்பம் வருகிறது. எத்தனை சொல் உள்ளே இருக்கிறது என்று எண்ணினால் தீர்ந்தது.

இன்ஃபோ, லேப் போன்றவற்றைக் கட்டுரையிலும் கடிதத்திலும் எழுதலாமா?

எல்லாச் சுருக்கமும் ஒரே தரத்தில் இல்லை. பஸ், ஃபோன், ஃப்ளூ, ஃப்ரிட்ஜ், எக்ஸாம் எங்கும் எழுதலாம். ஆம்னிபஸ்ஸில் பள்ளிக்கு வந்தேன் என்று எழுதினால்தான் விசித்திரமாக இருக்கும். லேபும் பெரும்பாலும் சரி, ஆனால் அறிவியல் அறிக்கையின் தலைப்பில் லேபரட்டரி பொருத்தம். இன்ஃபோ மட்டும் இன்னும் பேச்சு வாடை போகாத சொல். தலைமை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் இன்ஃபர்மேஷன் என்றே எழுத வேண்டும். இன்ஃபர்மேஷனுக்குப் பன்மை கிடையாது என்பதால் இன்ஃபோவுக்கும் எஸ் சேர்க்கக் கூடாது. லேபுக்குச் சேர்க்கலாம்.

இதையும் பொருத்துகவாகவே கொடுக்க முடியும். இடப்பக்கம் நான்கு வாக்கியங்கள்: நண்பனுக்கு அனுப்பும் மெசேஜ், விடுப்புக் கடிதம், அறிவியல் அறிக்கை, கடைப் பலகை. ஒவ்வொன்றிலும் ஒரு கோடிட்ட இடம். வலப்பக்கம் இன்ஃபோ, இன்ஃபர்மேஷன், லேப், லேபரட்டரி, ஆட், அட்வர்டைஸ்மெண்ட். விரிவாக்கம் தெரிந்தால் மட்டும் போதாது, எங்கே எது என்பதும் தெரிந்தால்தான் இந்தத் தாளை முடிக்க முடியும். ஒன்றுக்கு மேற்பட்ட விடை பொருந்தும் வாக்கியம் ஏதாவது இருக்கிறதா என்று, அச்சிடும் முன் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.